−17 தப்பில்லை

கேள்வி: ஆர்எஸ்ஏ கணக்கில் p = 5, q = 11, e = 7. d கண்டுபிடித்தால் எனக்கு −17 வருகிறது, விடையில் 23 என்று இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

எங்கேயும் இல்லை. கடைசியில் 40-ஐக் கூட்ட மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு இந்த ராத்திரியில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதே p, q, e-யில் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

n = p × q = 55. φ = (p − 1) × (q − 1) = 4 × 10 = 40. 7-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், அந்த எண்தான் d. முதலில் மேலிருந்து கீழே வகுத்துக்கொண்டு வாருங்கள்:

```
40 = 5·7 + 5
 7 = 1·5 + 2
 5 = 2·2 + 1
```

மீதி 1 வந்ததும் அப்படியே திரும்பி மேலே ஏறுங்கள்:

```
1 = 5 − 2·2
  = 5 − 2·(7 − 5)      = 3·5 − 2·7
  = 3·(40 − 5·7) − 2·7 = 3·40 − 17·7
```

பலரும் வழுக்கி விழுவது இந்த ஏறும் இடத்தில்தான். 3·5 என்று பார்த்ததும் கை தானாக 15 என்று எழுதிவிடும். எழுதினால் போச்சு, அடுத்த வரியில் 5-ஐ எடுத்துவிட்டு அங்கே 40 − 5·7 போட வழியில்லை. மீதிகளை எண்களாகப் பார்க்காமல் x, y மாதிரி பெயர்களாக நினைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

7 × (−17) = −119. அதாவது −120 + 1. −120 என்பது 40-இன் மடங்கு, ஆகவே மீதி 1. உங்கள் −17 சரியான நேர்மாறுதான். அடுக்காகப் போட நேர் எண் வேண்டும் என்பதால் 40 கூட்டி 23 ஆக்குகிறோம். சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: அங்கே `-17 % 40` போட்டால் −17-தான் திரும்ப வரும், பைத்தானில் 23 வரும். சியில் 40-ஐ நீங்களே கூட்ட வேண்டும்.

சரி, பூட்டித் திறந்து பார்ப்போம். செய்தி 8. பூட்ட 8⁷-ஐ 55-ஆல் வகுத்த மீதி வேண்டும். 8² = 64, 55 போனால் 9. 8⁴ என்பது 9² = 81, அதாவது 26. 8⁶ = 26 × 9 = 234, மீதி 14. இன்னொரு 8-ஆல் பெருக்கினால் 112, மீதி 2. பூட்டிய செய்தி 2.

திறக்க அதேபோல் 2²³-ஐ 55-ஆல் வகுத்த மீதி வேண்டும். 2⁶ = 64, மீதி 9. 2¹² → 26. 2¹⁸ → 14. மிச்சம் இருக்கும் 2⁵ = 32-ஆல் பெருக்கினால் 448, மீதி 8. வந்துவிட்டது.

(55-ஐ யார் வேண்டுமானாலும் 5 × 11 என்று உடைத்துவிடலாமே என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும். இது கையால் போட்டுப் பழகும் கணக்கு.)

அப்புறம், 40-க்குப் பதில் 55-ஐ வைத்து நேர்மாறு எடுப்பவர்கள் உண்டு. 7 × 8 = 56, ஆகவே d = 8 என்று அழகாக வரும். ஆனால் 2⁸ = 256, மீதி 36. செய்தி காணாமல் போயிற்று. இதைத் திறந்து பார்க்காமலே பிடிக்கலாம்: φ இரட்டை எண் என்பதால் d ஒற்றையாகத்தான் இருக்க முடியும். இரட்டை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது என் கதை. தேர்வில் இதே கணக்குக்கு நான் எழுதிய விடை d = 3. முழுக் கணக்குக்கும் சேர்த்துச் சிவப்பில் ஒரு பெரிய குறுக்குக் கோடு, மதிப்பெண் பூஜ்யம். ஆனால் 2³ எவ்வளவு? 8. செய்தியே அதுதான்! 5-ஆல் வகுக்கும்போது அடுக்குகளின் மீதி 4 படிக்கு ஒருமுறை திரும்பும், 11-ஆல் வகுக்கும்போது 10 படிக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்து திரும்ப 4, 10-இன் மீ.சி.ம. 20 போதும், 40 தேவையே இல்லை. 7 × 3 = 21, 20 போனால் 1. உங்கள் −17-உடன் 20 கூட்டினாலும் இதே 3-தான். நான் ஏதோ குறுக்கு வழி கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆர்எஸ்ஏ-வுக்கான RFC 8017 ஆவணமே மீ.சி.ம.-வை வைத்துத்தான் d-ஐ வரையறுக்கிறது.

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். ஏழு வாரம் கழித்து 'மாற்றம் இல்லை' என்று ஒரு வரி. விடைக்குறிப்பில் 23 இருந்திருக்கும், என் தாளில் 3. பக்கத்திலேயே 2³ = 8 என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தேன், அதைப் படித்தார்களா என்றே தெரியவில்லை. அதனால் நாளைக்கு நீங்கள் 23 என்றே எழுதிவிடுங்கள்.