மார்த்தாண்டத்தில் கடைச் சாவி, மஸ்கட்டில் நான்

"அண்ணே, நான் மஸ்கட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஊர்ல, மார்த்தாண்டத்துல வீட்டுக்காரி பேர்ல பேக்கரிக்குக் கடை எடுத்தோம். நவம்பர் 1 தர்றதா ஒப்பந்தம். இப்ப கட்டட ஓனர் டிசம்பர் 10-க்கு சாவி வாங்கிக்கச் சொல்றார். பின்பக்கம் டைல்ஸ் போடல, த்ரீ பேஸ் கரண்ட் வரல. வாடகை மட்டும் நவம்பர்ல இருந்தே வேணுமாம். இங்க இருந்து என்ன செய்ய?"

தம்பி, சாவி கைக்கு வரும் முன்பே கடிதம் போகட்டும். மிஞ்சிப் போனால் சாவி வாங்கும் அதே வேளையில் கொடுத்துவிட வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 55-ஆம் பிரிவில் இதைப் பற்றி ஒரு விதி உண்டு. நாள் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாகத் தந்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டால், தாமத நஷ்டத்தைக் கேட்க முடியாது. கேட்கப் போகிறோம் என்று ஏற்கும்போதே தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். இந்த விஷயத்தில் பலர் சாவியை வாங்கி, பால் காய்ச்சி, ஒரு மாதம் கழித்து வருத்தத்தோடு கடிதம் எழுதுவார்கள். அதற்குள் பிடி விட்டுப்போயிருக்கும்.

ஒப்பந்தம் வீட்டுக்காரி பெயரில் என்பதால் கடிதத்தில் அவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் இங்கிருந்து எழுதி அனுப்பினால் போதும், அதற்குப் பவர் பத்திரமெல்லாம் தேவையில்லை. ஆனால் கட்டட உடைமையாளர் அங்கே அவர்களிடம் ஒன்று சொல்வார், இங்கே உங்களைக் கூப்பிட்டு, "மக்கா, நாம ஒரே ஊர்க்காரங்க, பார்த்துக்கலாம்" என்பார். போனில் பேசியதை அன்றே வாட்ஸாப்பில் எழுத்தாகத் திருப்பி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, 15-ஆம் தேதிக்குள் லைன் வரும் என்றீர்கள்" என்று. மறுக்காமல் இருந்தால் அதுவும் ஒரு சான்றுதான்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதி வேண்டும். முதல் பத்தியில் ஒப்பந்த நாள், ஒப்படைப்பதாகச் சொன்ன நாள், கிறிஸ்மஸ் கேக் வியாபாரத்துக்காகவே அந்த நாளைக் குறித்தது. இந்தக் கடைசி விஷயத்தை விடாதீர்கள். அது உடைமையாளருக்கு முன்பே தெரியும் என்பதற்கு ஒப்பந்தத்திலோ பழைய மெசேஜிலோ ஒரு வரி இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். அடுத்து, சாவி தர வரும் நாளில் என்னென்ன இல்லை என்பது. "வேலை முடியவில்லை" என்று பொதுவாக எழுதினால், டைல்ஸ் ஒட்டிவிட்டு முடிந்தது என்பார். "மின் அடுப்பும் மாவு பிசையும் மெஷினும் ஓடத் த்ரீ பேஸ் வேண்டும், அது வரும்வரை இது பேக்கரி அல்ல, வெறும் அறை" என்று எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள், மீட்டர் பலகை தெரியும்படி.

பிறகு கேட்பது. வாடகை மாதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். நவம்பருக்கு 20,000, டிசம்பர் முதல் ஒன்பது நாளுக்கு ஏறக்குறைய 5,800. கடையே கையில் இல்லாத இந்த நாட்களுக்கு வாடகை இல்லை என்பது முதல் கோரிக்கை. லைன் வரும் நாளிலிருந்துதான் வாடகை ஓடும் என்பது இரண்டாவது. நவம்பரிலிருந்து பேக்கரி மாஸ்டரைச் சம்பளத்தில் நிறுத்தி வைத்திருந்தால் அந்தத் தொகையை ரசீதோடு மூன்றாவதாகக் கேளுங்கள். கிறிஸ்மஸ் லாபம் போனதையும் குறிப்பிடலாம். ஆனால் அது கைக்கு வரும் என்று நம்பி உட்காராதீர்கள். புதுக் கடைக்குப் போன வருடக் கணக்கு கிடையாது, எவ்வளவு போயிருக்கும் என்று நிரூபிப்பது பாடு. தவிர, நஷ்டத்தைக் குறைக்க நம் பக்கம் என்ன செய்தோம் என்றும் 73-ஆம் பிரிவு பார்க்கும். வெளியே அடுப்பு வைத்துக் கொஞ்சமாவது ஆர்டர் எடுத்தால் நல்லது.

வேலையை முடிக்க 15 நாள் கெடு கொடுங்கள். "தவறினால் நாங்களே செய்து, செலவை வாடகையில் கழிப்போம், சம்மதம் தெரிவிக்கவும்" என்று எழுதலாம். சம்மதம் வராமல் பெரிய தொகையைக் கழிக்காதீர்கள். வாடகையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இரண்டு மாத பாக்கியே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். நாம் புகார்தாரராகப் போய்ப் பாக்கிதாரராக நிற்கக் கூடாது.

சாவி வாங்கும்போது அவர் நீட்டும் காகிதத்தில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால், கையெழுத்துக்கு மேலே வீட்டுக்காரி ஒரு வரி எழுதட்டும்: "10-12 தேதியிட்ட கடிதத்தில் சொன்ன குறைகளுக்கும் தாமத இழப்புக்கும் உட்பட்டுப் பெற்றேன்." எழுத விடாவிட்டால் சாவி வேண்டாம். கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே தபாலில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வரும் விதமாக அனுப்புங்கள். வாட்ஸாப்பிலும் அதன் போட்டோ போகட்டும்.

அப்புறம், ஒப்பந்தம் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடிதம் அனுப்பும் முன் நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ஒரு வக்கீலிடம் காட்டிவிடச் சொல்லுங்கள்.