கல்யாண போட்டோவுல தலைய மாத்துனா மாலையும் நெக்லஸும் ஏன் வெட்டுப்படுது?

"அக்கா கல்யாண குரூப் போட்டோவுல எல்லாரும் நல்லா இருக்காங்க, அக்கா மட்டும் கண்ண மூடி தலைய சாய்ச்சிருக்கு. அடுத்த போட்டோவுல இருந்து தலைய எடுத்து நானே வச்சு பாத்தேன். தாடைக்கு கீழ மாலை கோடு போட்டாப்ல வெட்டுப்பட்டு, நெக்லஸ் ரெண்டா தெரியுது. ஆல்பம் டிசைனர் தலைக்கு இவ்வளவுன்னு தனி காசு கேக்கறார், குடுக்கலாமுங்களா?" - ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

நீங்க வெட்டுன எடம்தாங்க தப்பு. கழுத்து நடுவுல தோல் மட்டுமா இருக்குது, அட்டிகை, நெக்லஸ், அதுக்கு மேல மாலையோட ரெண்டு பக்கமும் அந்த வழியாத்தான் எறங்குது, ரெண்டு போட்டோவுக்கு நடுவுல அக்கா ஒருக்கா மூச்சு விட்டிருந்தாலே மாலை நகந்திருக்கும், அப்புறம் இதுல பாதி அதுல பாதின்னு ஒட்டுனா எங்க சேரும்? காதுலயும் நெத்தியிலயும் இருக்கறது தலையோட வரட்டும், கழுத்துல இருக்கறது உடம்போடயே நிக்கட்டும். அதாவது ஜிமிக்கி, மாட்டல், நெத்திச்சுட்டி புது தலையோட. அட்டிகை, ஆரம், தாலி, மாலை பழைய போட்டோவுலயே.

போட்டோஷாப்ல பழைய போட்டோ மேல புது தலைய வச்சு Opacity 50 ஆக்கிக்கங்க. கண்ண வச்சு பொருத்தாதீங்க, அக்கா தலைய சாய்ச்சிருக்கறதால கண்ணு எடம் மாறித்தான் இருக்கும். கழுத்தோட ரெண்டு ஓரமும் தோளுல எறங்கற எடம் சேருதான்னு பாருங்க. பொருந்துனதும் Opacity ய 100க்கு கொண்டாந்து, மாஸ்க் போட்டு தாடைக்கு அடியில நிழல் விழுகற எடத்தோட தலைய நிறுத்திக்கங்க, இருட்டுல ஒட்டு தெரியாது. இப்ப பழைய போட்டோவுக்கு போய் மாலையையும் நெக்லஸையும் மட்டும் செலக்ட் பண்ணி Ctrl+J குடுத்தா தனி லேயரா வரும், அத தலைக்கு மேல தூக்கி வைங்க. தலை இப்ப மாலைக்கு பின்னால போயிருச்சுங்களா, நெசத்துலயும் அப்படித்தான இருக்கும். ஜிமிக்கி மட்டும் மாலை மேல தொங்குனா அந்த எடத்துல மாலைய மாஸ்க்ல அழிச்சு விடுங்க. நகை ஓரத்த பென் டூல்ல கூரா எடுக்கணும், பூவோட ஓரத்துக்கு மெத்துன்னு இருக்கற பிரஷ் போதும்.

பழைய தலை சாய்ஞ்சிருந்த பக்கம் பழைய காதோ கொண்டைப்பூவோ எட்டி பாக்கும், அங்க ரெண்டாவது போட்டோவோட பின்னணிய வச்சு மூடீருங்க.

நிறைய பேரு கோட்ட விடறது நிழலுலதான். சாய்ஞ்ச தலையோட நிழல் நெக்லஸ்ல ஒரு பக்கமா விழுந்திருக்கும், நேர் தலை வச்சதும் அது பொருந்தாது, பொம்மைக்கு தலை மாட்டுனாட்ட இருக்கும். புது லேயர Multiply ல வச்சு, கழுத்துலயே இருக்கற நிழல் கலர எடுத்து 20 சதவீதத்துல லேசா தடவுங்க, கறுப்பு வேண்டாம். சத்தியமங்கலத்து சம்பங்கி மாலையா இருந்தா வெள்ளை வெளிச்சம் தாடைக்கு அடியில ஏறி நிழல் லேசாத்தான் இருக்கும், ரோஜா மாலைன்னா செவப்பு ஏறும், அதனாலதான் கறுப்பு தடவுனா கரி பூசுனாட்ட தெரியுது.

ஒரே ஒரு எடத்துல இது எடுபடாதுங்க. பொண்ணு குனிஞ்சு, தாடையே மாலைக்குள்ள பொதைஞ்சிருக்கற போட்டோ. அங்க தாடை ஓரமே கெடையாது, பூ நேரா உதட்டுக்கு கீழ வந்து நிக்குது. நிமிந்த தலைய வச்சா கழுத்து நீளும், நீண்ட எடத்துல காட்ட தோலும் இல்ல நகையும் இல்ல, மாலைக்கு மேல மொட்டை கழுத்து ஒண்ணு மொளைக்கும். குனிஞ்சிருக்கற இன்னொரு போட்டோ கெடைச்சா மூக்குக்கு மேல, கண்ணு புருவம் மட்டும் மாத்துங்க. கெடைக்கலைன்னா விட்டுருங்க, பொண்ணு குனிஞ்சிருந்தா என்ன கொறைஞ்சு போச்சு.

தலைய எந்த நேரத்து போட்டோவுல இருந்து எடுக்கறீங்கன்னும் பாருங்க. தாலி கட்டறதுக்கு முந்துன தலைன்னா வகிட்டுல குங்குமம் இருக்காது, கீழ கழுத்துல தாலி இருக்கும்.

இனி காசு விசயம். வேலை தெரிஞ்சவருக்கு தனி காசு குடுக்கறது தப்பில்ல. ஆனா உங்க ஊருல ஆர்டர் பிடிச்சு வேற எங்கயோ வாட்ஸ்அப்புல அனுப்பி முடிச்சு வாங்கற ஏஜண்டுக இருக்காங்க, அவிங்ககிட்டத்தான் உசாரா இருக்கணும். கேமரா போட்டோ 6000 பிக்சல் அகலம், குரூப்ல அக்கா தலை 300 பிக்சல்னு வைங்க, வாட்ஸ்அப்புல சாதாரணமா அனுப்புனா மொத்த போட்டோவே 1600 பக்கத்துல சுருங்கி தலை 80 பிக்சல் ஆயிரும், அதுல அட்டிகை கல்லு எங்க தெரியும், மஞ்சளா ஒரு கோடுதான். எனக்கே ஒரு ஸ்டுடியோவுல ஒரிஜினல் ஃபைல் தர மாட்டேன்னுட்டாங்க, நம்ம கல்யாணத்து போட்டோவ நாமளே கெஞ்சி வாங்கற கொடுமைய என்னன்னு சொல்றது. மேடையில வரிசை நகரணும்னு வெரட்டி வெரட்டி ஒரே போட்டோ எடுக்கறதும் அவிங்க, அப்புறம் தலைக்கு காசு கேக்கறதும் அவிங்க.

அதனால பாக்கி பணம் கையில இருக்கறப்பவே ஒரிஜினல கேட்டு வாங்கீருங்க. மாத்துன போட்டோ வந்ததும் செல்போன்ல பாக்காதீங்க, கம்ப்யூட்டர்ல 100 சதவீதம் பெருசு பண்ணி, நெக்லஸ ஒரு தோளுல இருந்து மறு தோளு வரைக்கும் வெரல வச்சு தொடந்து பாருங்க. எங்கயாவது தடிச்சாலோ, கல்லு ரெண்டா வந்தாலோ, பிரிண்டுக்கு போக விடாம திருப்பி அனுப்புங்க.