மணிக்கு எவ்வளவு கேட்பது?

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையை விட்டுவிட்டு, புத்தகப் பக்க வடிவமைப்பைத் தனியாக எடுத்துச் செய்யப் போகிறேன். வாடிக்கையாளர் இல்லை, மதிப்புரையும் இல்லை. பழைய சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து, அதிலும் பாதியைக் கேட்டால்தான் முதல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியில்லை. சம்பளத்தை வகுக்கும்போதே கணக்கு பிசகிவிடுகிறது. சம்பளக்காரருக்கு விடுப்புக்கும் கூட்டத்துக்கும் சேர்த்தே பணம் வரும். தனியாக வேலை செய்பவருக்கு, வாடிக்கையாளர் பெயரில் எழுத முடிகிற மணிக்கு மட்டும்தான் பணம்.

எந்த நாணயமானாலும் சரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 36,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரி, காப்பீடு, மென்பொருள் சந்தா எல்லாம் சேர்த்து இன்னொரு 9,000. ஆக 45,000. ஆண்டின் 52 வாரங்களில் நோய்க்கும் ஓய்வுக்கும் ஆறு போக 46 மிஞ்சும். வாரம் 40 மணி என்றால் 1,840 மணி. வேலை தேடுவது, விலை சொல்லி எழுதுவது, பணத்துக்கு நினைவூட்டுவது என்று முதல் ஆண்டில் இதில் பாதியாவது போய்விடும். மிஞ்சும் 920 மணியால் 45,000-ஐ வகுத்தால் மணிக்கு 49. உங்களுக்குச் சொன்னவர்கள் 36,000-ஐ முழு ஆண்டின் 2,080 மணியால் வகுத்து 17 என்பார்கள், அதிலும் பாதி கேட்கச் சொல்வார்கள்.

வேலை வாங்கித்தரும் தளம் 20 சதவீதம் பிடித்துக்கொண்டால், 49-உடன் 20 சதவீதத்தைக் கூட்டினால் போதாது. 0.8-ஆல் வகுக்க வேண்டும். 61 கேட்டால்தான் கைக்கு 49 வரும்.

இது அடிமட்டம். உங்களைப் போன்ற வேலையைச் செய்யும் நடுத்தர அனுபவக்காரர்கள் கேட்பதை இதோடு ஒப்பிடுங்கள். அவர்கள் கேட்பது இதைவிடக் குறைவு என்றால், கட்டணத்தைக் குறைக்காதீர்கள். அட்டவணையும் கணிதமும் நிறைந்த பாடநூல் போல, குறைவான பேரே செய்யும் வேலையின் பக்கம் போங்கள். அல்லது வேறு வருமானம் இருக்கும்வரை இதைப் பகுதிநேரமாகச் செய்யுங்கள்.

மதிப்புரை இல்லாதவரிடம் வாடிக்கையாளர் அஞ்சுவது விலையை அல்ல. புத்தகம் பாதியில் நின்றுபோகுமோ, கெட்டுப்போகுமோ என்றுதான் அஞ்சுகிறார். பாதி விலை அந்த அச்சத்தைக் கூட்டத்தான் செய்யும். வேலையைச் சிறிதாக்குங்கள். முதலில் ஓர் அத்தியாயம் மட்டும், முழுக் கட்டணத்தில், அதிகபட்சம் ஆறு மணி என்று எழுதிக் கொடுங்கள். புதியவர் என்பதால் ஒன்பது மணி பிடித்தாலும் ஆறுக்கே பணம் கேளுங்கள்; மூன்று மணி நீங்கள் கற்றுக்கொண்ட நேரம். கை பழகப் பழக இந்த இழப்பு தானாகக் குறையும். மணிக்கட்டணத்தைக் குறைத்தால் அப்படி நடக்காது, ஏனென்றால் அதே வாடிக்கையாளர் அடுத்த முறையும் அதையேதான் எதிர்பார்ப்பார்.

அப்படியும் தள்ளுபடி தந்தே ஆகவேண்டும் என்றால், பில்லில் முழுக் கட்டணத்தை எழுதி, அதன் கீழே தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டி, அது இந்த ஒரு வேலைக்கு மட்டுமே என்று குறிப்பிடுங்கள்.

விலையைக் கேட்டதும் பேச்சை நிறுத்துபவர்கள் பலர் என்றால் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். விலை கேட்கும் கட்டத்துக்கே யாரும் வரவில்லை என்றால், மாற்ற வேண்டியது உங்கள் மாதிரிப் பக்கங்களை. முதல் மூன்று மாதம், பணம் வந்த மணியையும் வராத மணியையும் நாள்தோறும் தனித்தனியே குறித்து வையுங்கள். 920 என்பது என் ஊகம்தான். உங்கள் குறிப்பிலிருந்து வரும் எண்ணைப் போட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.