பத்திரிகை ஆர்டர்: எதைக் கேட்பது, எதைக் காட்டுவது?

"அச்சகத்தில் சேர்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை ஆர்டர் சரியில்லை என்றால் எல்லாருக்கும் 'விவரம் தெளிவா அனுப்புங்க' என்றுதான் எழுதுகிறேன். வேறு எப்படி எழுதலாம்?"

சரியில்லாத ஆர்டர் மூன்று விதம்: குறை, மங்கல், முரண். அந்த ஒரு வரி மூன்றுக்கும் உதவாது.

முகூர்த்த நேரம் இல்லை என்றால் அது குறை. இல்லாததை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "முகூர்த்தம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?" மற்ற வரிகளை அதற்குள் தட்டச்சு செய்துவிடலாம்.

"கொஞ்சம் கிராண்டா இருக்கணும்" என்பது மங்கல். இதற்குக் கேள்வி கேட்டால் இன்னொரு மங்கலான பதில்தான் வரும். விலையோடு இரண்டு மாதிரிகளைக் காட்டுங்கள். வாடிக்கையாளரின் கை ஏதாவது ஒன்றின் மேல் போய்விடும். "சிம்பிளாவும் கிராண்டாவும்" என்றாலும் இதேதான். கேட்க முரண் மாதிரி இருக்கும், ஆனால் வெற்று அட்டையில் தங்க ஃபாயில் எழுத்து இரண்டுக்கும் பொருந்தும்.

உண்மையான முரண் எந்த அச்சிலும் சேராது. '14.9.2025, திங்கட்கிழமை' என்று எழுதித் தருகிறார்கள். அன்று ஞாயிறு, திங்கள் என்றால் 15. இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் கிழமையை நாமே திருத்திவிடக் கை துறுதுறுக்கும். தேதிதான் தவறு என்றால் விருந்தினர் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்பார்கள். "14 ஞாயிறா, 15 திங்களா? மண்டப ரசீதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று இரண்டையும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை ப்ரூஃப்கூட எடுக்க வேண்டாம். ப்ரூஃபில் பெரும்பாலும் பெயர்களைத்தான் சரிபார்ப்பார்கள்.