மருத்துவர் சதவீதம் எழுதித் தந்தால் போர்டு ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: என் கணவர் கோவையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் இயக்கியவர். சம்பளம் மாதம் 15,000; இஎஸ்ஐ பிடித்தம் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரல் மடங்கவில்லை. இனி அந்த வேலை செய்ய முடியாது. தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது, சூப்பர்வைசர் சொன்னபடி வீட்டு கிரைண்டரில் கை மாட்டியதாகச் சொன்னோம். முதலாளி நல்ல மனிதர், பில் முழுவதையும் அவரே கட்டினார். இப்போது ஒரு மருத்துவர் 40 சதவீத ஊனம் என்று எழுதித் தருகிறேன் என்கிறார். இஎஸ்ஐ மெடிக்கல் போர்டு அதை ஏற்குமா? — வாசகி, கோவை

பதில்: ஏற்காது. அந்தச் சான்றுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த 40 சதவீதத்தைப் பற்றியல்ல. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "வீட்டு கிரைண்டரில் கை மாட்டியதாகச் சொன்னோம்" என்று, அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இதே கதை எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு அது மாவு மில், சிலருக்கு பைக்கிலிருந்து விழுந்தது. சொல்லிக் கொடுப்பவர் எப்போதும் கம்பெனி ஆள்தான். வேலையில் நடந்த விபத்து என்று பதிவானால் தொழிலகப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஆய்வாளர் வருவார். பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து சொல்லவைத்த பொய்யை உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள்.

பில் கட்டியதால் முதலாளி நல்லவர் என்கிறீர்கள். உங்கள் கணவர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் இஎஸ்ஐக்குப் போவது எதற்காக? வேலையில் காயம்பட்டால் சிகிச்சை முழுவதும் இஎஸ்ஐ பொறுப்பு. அதோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தரவேண்டும். நாள் சம்பளம் 500 என்று வைத்தால் 450 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஏறக்குறைய 54,000 ரூபாய். அது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் பில் கட்டியது கருணையாகவே இருக்கட்டும், அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அந்த நன்றிக்கு விலையாக உங்கள் பிள்ளைகளின் சோற்றை வைக்க உங்களுக்கு உரிமையில்லை. குடும்பத்துக்குப் பிறகுதான் முதலாளி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போர்டுக்கு முன்பாகவே தீர்க்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு: காயம் வேலையில் பட்டதா? இல்லை என்றால் உங்கள் கணவர் வெறும் நோயாளி. நோய்க்கால உதவி சில மாதங்களோடு நின்றுவிடும். ஆம் என்றால் வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் பணம். இதைத் தீர்மானிக்க இஎஸ்ஐ கிளை அலுவலகம் முதலில் புரட்டுவது, மருத்துவமனையில் சேர்ந்த அன்று எழுதிய பதிவைத்தான். பிறகு வாங்கும் பத்துச் சான்றுகளைவிட, வலியில் துடித்தபோது எழுதிய அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

அந்த வரியைத் திருத்தித் தரும்படி மருத்துவரைக் கெஞ்சாதீர்கள். திருத்திய கேஸ் ஷீட் இன்னும் மோசமான சான்று. அதை எதிர்த்துப் பேசுகிற பதிவுகளைத் திரட்டுங்கள். விபத்து நடந்த நேரத்தில் உங்கள் கணவர் ஷிஃப்டில் இருந்ததைக் காட்டும் வருகைப் பதிவு. பக்கத்து மெஷினில் நின்றவர்களின் எழுத்து வாக்குமூலம். ஆம்புலன்ஸ் பட்டறை வாசலுக்கு வந்திருந்தால் அந்த அழைப்பின் பதிவு. பில்லைக் கம்பெனி கட்டிய ரசீது. வீட்டில் கிரைண்டரில் மாட்டிய கைக்குக் கம்பெனி ஏன் பணம் கட்டியது என்ற கேள்விக்கு யாரும் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. இவற்றோடு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலை அவசியம் கேட்டு வாங்குங்கள். காயத்தைக் கழுவும்போது மெஷின் எண்ணெய், கிரீஸ், இரும்புத் துகள் இருந்ததா, எலும்பு நசுங்கியதா என்று அறுவை மருத்துவர் எழுதியிருப்பார். கிரைண்டரில் மாட்டிய கையில் கிரீஸ் இருக்காது.

பிறகு கிளை மேலாளருக்கு உங்கள் கணவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று தர வேண்டும். என்ன நடந்தது, யார் சொல்லி மாற்றிச் சொன்னோம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். முதலாளி விபத்து அறிக்கை தரவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது; மேலாளர் விசாரிக்கலாம். ஆனால் விபத்து நடந்து ஓராண்டு ஆவதற்குள் இதைச் செய்யுங்கள்.

இப்போது சதவீதம். போர்டு அளப்பது உடலில் எவ்வளவு குறை என்பதை அல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வரும் சதவீதம் வேறு கணக்கு. சில காயங்களுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே அளவு இருக்கிறது: ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30. அதை எந்த மருத்துவரும் கூட்டிக் குறைக்க முடியாது. உங்கள் கணவருக்கு 20 உறுதி. நாள் உதவி 450-இல் 20 சதவீதம் என்றால் 90 ரூபாய், மாதம் 2,700. அவர் வேறு வேலைக்குப் போனாலும் இது நிற்காது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொன்று அந்த மோதிர விரல். ஓர் உறுப்பு இருந்தும் முழுவதுமாக, நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், அதை இழந்ததாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அட்டவணையின் குறிப்பு சொல்கிறது. அப்படி நிரூபித்தால் 30, அதாவது நாளுக்கு 135 ரூபாய். விரல் ஓரளவு மடங்கினால் போர்டு தன் மதிப்பீட்டில் சதவீதம் போடும். இங்கேதான் மருத்துவச் சான்று கனம் பெறுகிறது. "40 சதவீத ஊனம்" என்ற ஒற்றை வரி உதவாது. மோதிர விரல் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, சில மாத இடைவெளியில் எடுத்த அளவுகளில் மாற்றம் உண்டா, பிடி எவ்வளவு பலம், பிசியோதெரபி எப்போது தொடங்கி எப்போது நின்றது, பழைய எக்ஸ்-ரேயும் புதிய எக்ஸ்-ரேயும் என்ன சொல்கின்றன, இவைதான் போர்டு பார்ப்பவை. அந்தத் தனியார் மருத்துவரிடம் சதவீதம் கேட்காமல், இந்த அளவுகளைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பிசியோதெரபியை நிறுத்தியிருந்தால் நாளைக்கே தொடங்குங்கள். சிகிச்சை முடியாத விரலை நிரந்தரம் என்று எந்தப் போர்டும் சொல்லாது. முதலில் தற்காலிக மதிப்பீடு கொடுத்து மறுபடி வரச் சொல்லக்கூடும். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

போர்டு முன்னால் உங்கள் கணவர் வீரம் காட்ட வேண்டாம். சட்டைப் பொத்தான் போட நீங்கள் உதவுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லட்டும். இல்லாததைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். கையைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவருக்கு நடிப்பு தெரிந்துவிடும். முடிவு தவறென்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

இந்த வாரமே மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்குப் போய் கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டாம்.