மண்ணையும் நிழலையும் சேர்த்து எடுங்கள்

"கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டப் படத்தில் ஒரு சாமந்தி வாடியிருக்கிறது. அதே காலையில் எடுத்த வேறு படத்திலிருந்து நல்ல செடியை வெட்டி வைத்தேன், மிதப்பதுபோல் தெரிகிறது."

இலை ஓரமாகச் செடியை மட்டும் வெட்டியிருப்பீர்கள் நண்பரே. அடித்தண்டைச் சுற்றிய மண்ணையும் தரையில் விழுந்த நிழலையும் சேர்த்தே எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் Layer Mask போட்டு, மென்மையான கறுப்புத் தூரிகையால் மண்ணின் ஓரத்தை மட்டும் கரையுங்கள். மண்ணோடு மண் கலந்த இடம் கண்ணுக்குத் தெரியாது; இலையோர வெட்டு உடனே தெரிந்துவிடும். பழைய செடியின் நிழல் மீதமிருந்தால் Clone Stamp கொண்டு பக்கத்து மண்ணால் மூடுங்கள்.

செடியை இடவலமாகத் திருப்பாதீர்கள். நிழல் எதிர்ப்பக்கம் விழும். என் ரோஜாப் பாத்திப் படத்தில் அப்படித்தான் கெட்டது. புல்தரைச் செடியும் வேண்டாம். செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெயில் இலையடியில் லேசான செம்மை ஏற்றும். புல்தரைச் செடியில் அது இருக்காது.