காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

அன்புள்ள அண்ணா,

அட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாட்காஸ்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, போனில் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடுவேன். அரை மணி நேரம் போன பிறகு யார் என்ன பேசினார்கள் என்றே நினைவிருக்காது. சும்மா உட்கார்ந்து கேட்டால் தூக்கம் வருகிறது. இரவில் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதும் போன் என் கையில்தான். அம்மாச்சிக்கு அது பிடிப்பதில்லை. பேச்சும் கெடாமல் கையும் சும்மா இராமல் இருக்க எதை ஆடலாம்?

ஓர் ஆசிரியை, அட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தச் சொல் விளையாட்டை பாட்காஸ்ட் நேரத்தில் ஆடாதீர்கள். சொல் தேடும்போது மனசுக்குள் எழுத்துகளை முணுமுணுத்துப் பார்க்கிறோம் இல்லையா, பாட்காஸ்டில் பேசுகிறவரின் வாக்கியத்தைப் பிடித்து வைப்பதும் அதே இடத்தில்தான். ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: கேட்ட சொற்களைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க ஓர் இடம், கண்ணால் பார்த்த அமைப்பை வைத்திருக்க வேறோர் இடம். சொல்லோடு சொல் மோதும். சொல்லோடு படம் அவ்வளவாக மோதாது. சுடோகு சத்தமில்லாத விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் அதுவும் இந்த விஷயத்தில் ஆகாது. ‘மூன்று இருக்கு, ஏழு இல்லை’ என்று உள்ளே ஓதிக்கொண்டேதான் கட்டத்தை நிரப்புகிறோம்.

தூக்கம் வருவதாகச் சொன்னீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுப்பது அதற்கு உதவும். ஜாக்கி ஆண்ட்ரேட் என்பவர் 40 பேருக்கு ஒரு சலிப்பான தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டே சின்னச் சின்ன வடிவங்களுக்குப் பென்சிலால் நிழலடித்தார்கள். பிறகு கேட்டபோது அவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் நிழலடிப்பதில் தோற்பது என்று ஒன்று இல்லை. விளையாட்டில் உண்டு. அதனால் விளையாட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் சொல்வது 2048. கேப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் 2014 மார்ச்சில் வெளியிட்டது. நாலுக்கு நாலு கட்டம். நாலு திசைகளில் ஏதாவது ஒன்றில் தள்ளினால் எண் எழுதிய சதுர ஓடுகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடும், ஒரே எண்கள் முட்டினால் சேர்ந்து இரட்டிப்பாகும். ஒவ்வொரு தள்ளலுக்கும் புதிதாக ஓர் ஓடு வரும். பத்தில் ஒன்பது முறை அது 2, மிச்சம் ஒரு முறை 4. எண்கள் இருந்தாலும் கணக்குப் போட வேண்டியதில்லை, ஒரே நிறமாக இருப்பது எது என்று கண் பார்த்துவிடும். கடிகாரம் கிடையாது. பேச்சு சூடு பிடித்தால் விரல் நின்றுவிடலாம், ஓடுகள் அங்கேயே காத்திருக்கும். இலக்கான 2048 என்ற ஓடு கிடைக்கச் சாதாரணமாக 900க்கு மேல் தள்ளல் வேண்டும். இரண்டு வினாடிக்கு ஒன்று என்று வைத்தால் அரை மணி நேரம், அதாவது உங்கள் பாட்காஸ்ட் ஒன்றின் நீளம்.

ஆடும் முறை இதுதான். கீழ் இடது மூலையைப் பெரிய ஓட்டின் வீடாக வைத்துக்கொள்ளுங்கள். இடதும் கீழும், இந்த இரண்டு திசைகளிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டும் நகர மறுத்தால் மட்டும் வலது. மேலே என்பது முடிந்தவரை வேண்டாம். இந்தப் பழக்கம் விரலில் ஏறியதும் பெரும்பாலான தள்ளல்களை யோசிக்காமலே போடலாம்.

ஓர் உதாரணம். கீழ் வரிசையில் இடமிருந்து 128, 64, 32, 16 நிற்கின்றன. கடைசி 16க்கு நேர் மேலே இன்னொரு 16 வந்துவிட்டது. கீழே தள்ளினால் இரண்டும் சேர்ந்து 32. இப்போது வரிசை 128, 64, 32, 32. இடது தள்ளினால் 128, 64, 64. மறுபடி இடது, 128, 128. இன்னொரு இடது, 256. சேர்ந்த ஓடு அதே தள்ளலில் மீண்டும் சேராது என்பதால்தான் மூன்று தடவை. இதற்கு நடுவில் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கியம் ஒன்றும் அறுவதில்லை.

ஆட்டம் கெடுவது அடுத்த நொடியில்தான். 256 மூலையில் இருக்கிறது, பக்கத்தில் எல்லாம் காலி. சுவாரசியத்தில் விரல் வலது போய்விட்டால் 256 வலது மூலைக்கு ஓடும், அந்த வீட்டிலோ அதே வரிசையிலோ ஒரு 2 வந்து குந்திக்கொள்ளலாம். வரவில்லையென்றால் உடனே இடது தள்ளிக் காப்பாற்றலாம். வந்துவிட்டால் அந்த 2 வளர்ந்து பெரிதாகும்வரை பெரிய ஓடு வெளியே தவிக்கும். பெரும்பாலும் ஆட்டம் அதோடு சரி. கீழ் வரிசை நிறைந்து, அடுத்தடுத்து ஒரே எண் இல்லாமல் இருக்கும்போது வலது தள்ளினால் அந்த வரிசை அசையவே அசையாது, பயமில்லை. ஆகவே பெரிய சேர்க்கை முடிந்தவுடன் மட்டும் பலகையைக் கண்ணால் பாருங்கள். எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவதால்தான் மற்ற நேரத்தில் காதைப் பேச்சுக்குக் கொடுத்துவிட முடிகிறது. டெட்ரிஸிலும் வடிவங்கள்தான், ஆனால் அங்கே கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். அது யாருக்காகவும் நிற்காது.

உங்களுக்கு இது ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு வழி: நடுவில் பாட்காஸ்டை நிறுத்தி, கடைசியாகக் கேட்டதை உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை, திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டுகிறீர்கள் என்றால் விளையாட்டு மிஞ்சிவிட்டது. புதிதாக ஆடும் முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும். அதுவரை பாட்டு கேளுங்கள். பாடமாகக் கேட்க வேண்டிய பாட்காஸ்டுக்கு இதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாச்சி விஷயம் வேறு. காது அவர் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரிவது குனிந்த தலை மட்டும்தான். அங்கே கையில் இருப்பதைவிட நடுவில் கிடப்பது நல்லது. பண்டாரவளையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் கரம் பலகைதான். நாலு பேர் ஆடினால் மூன்று பேர் எப்போதும் சும்மா இருக்கிறார்கள். அப்போது கொழுந்து விலையும் கலியாணப் பேச்சும் தாராளமாக நடக்கும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. எது விழுந்தது, எது மிச்சம் என்று பலகையே காட்டும், ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டாம்.

ஓமியை நான் இதில் சேர்க்கமாட்டேன், எனக்கு மிகவும் பிடித்த ஆட்டமாக இருந்தும். 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. துரும்பு எத்தனை போனது, எதிரே இருக்கும் கூட்டாளி கையில் என்ன மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அம்மாச்சி ஊர்க்கதை சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள், கேட்டால் கூட்டாளி உங்களைத் திட்டுவார். சீட்டுக் கலைத்துப் போடும் இடைவெளியில்தான் அங்கே பேச்சு. கரம் பலகை இல்லையென்றால் 2048ஐயே போனோடு பாயில் வைத்து, ஆளுக்கொரு தள்ளலாக ஆடலாம். தம்பி ‘மேலே’ தள்ளிவிட்டால் சண்டை வரும், அதுவும் பேச்சுதான்.

கடைசியாக ஒன்று. 2048இன் இலவச நகல்கள் பலவற்றில் இடையிடையே விளம்பரம் வரும். அதன் சத்தம் பாட்காஸ்டையே நிறுத்திவிடும். சிக்னல் இருக்கும்போதே பாட்காஸ்டை இறக்கி வைத்துவிட்டு, விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு ஆடுங்கள். இணையம் இல்லாமல் ஓடும் நகல்தானா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணா